‘ஆமாம்’ என்றால் எதற்கு ஆமாம்?

மருத்துவமனைகளில் வாய்மொழி பெயர்ப்பு செய்பவள் என்ற முறையில், நான் அதிகம் கவனமாக இருப்பது நோய்ப் பெயர்களில் அல்ல. ஒற்றைச் சொல் பதில்களில்.

மருத்துவர் ஆங்கிலத்தில், “பென்சிலின் ஒவ்வாமை இல்லைதானே?” என்கிறார். நான் அப்படியே தமிழில் கேட்கிறேன். நோயாளி “ஆமாங்க” என்கிறார். தமிழ்க் காதுக்கு இது தெளிவு: நீங்கள் சொன்னது சரி, ஒவ்வாமை இல்லை. அதை ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டால், படிவத்தில் ஒவ்வாமை உண்டு என்று பதிவாகிவிடலாம். ஏனென்றால், ஆங்கிலத்தில் யெஸ், நோ இரண்டும் பெரும்பாலும் பதில் வாக்கியம் உடன்பாடா எதிர்மறையா என்பதைப் பார்த்தே வரும். நம் ‘ஆமாம்’ கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறது. ஜப்பானிய ‘ஹய்’யும் இப்படித்தான். எதிர்மறையாகக் கேட்டதை மறுத்துச் சொல்வதற்கென்றே பிரெஞ்சில் ‘ஸி’, ஜெர்மனில் ‘தொக்’ என்று தனிச் சொற்கள் உண்டு.

‘இல்லை’ இன்னும் சிக்கல். “மாத்திரை போடலையா?” என்றால், “இல்லை, போடலை” என்றும் சொல்வோம்; “இல்லையே, போட்டேனே” என்றும் சொல்வோம். முதல் சொல்லோடு நின்றுவிட்டால் எதுவும் நிச்சயமில்லை. அதனால் வினைச்சொல் வரும்வரை காத்திருப்பேன். வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்பேன், நானாக ஊகிப்பதில்லை.

வினையைத் திருப்பிச் சொல்வது நமக்குப் பழகியதுதான். “வந்தாரா?” என்றால் “வந்தார்”. ஐரிஷ் மொழியில் ஆம், இல்லை என்பதற்குப் பொதுச் சொற்களே இல்லை, வினைதான் பதில். ஃபின்னிஷிலும் “துலெத்கோ?” (வருகிறாயா?) என்றால் “துலென்” (வருகிறேன்) என்பது இயல்பான பதில்.

கேள்வியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ‘ஆ’ எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ, கேள்வி பெரும்பாலும் அதைப் பற்றியதாகிவிடும். “காலையிலா மாத்திரை போட்டீர்கள்?” என்பதற்கு “இல்லை” என்றால், காலையில் இல்லை என்பதுதான் பொருள், ராத்திரி போட்டிருக்கலாம். “காலையில் மாத்திரை போட்டீர்களா?” என்பது வேறு கேள்வி. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை அழுத்தத்திலேயே காட்டிவிடலாம். இத்தாலியத்தில் கேள்வி என்பதே பெரும்பாலும் குரல் ஏற்றத்தில்தான் தெரியும். பேச்சுத் தமிழிலும் “வலி இல்லை?” என்று ‘ஆ’ இல்லாமல், குரலை உயர்த்தி மட்டும் கேட்பதுண்டு. பிறகு எழுத்தில் பார்த்தால் அது கேள்வியா, நோயாளி சொன்னதா என்றே தெரியாது.

அதனால் மருத்துவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: “ஒவ்வாமை உண்டா?” என்று உடன்பாட்டில், ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள். நோயாளியின் பதிலைக் குறிக்கும்போது ‘ஆம்’ என்று விடாமல், ‘பென்சிலின் ஒவ்வாமை இல்லை என்றார்’ என முழு வாக்கியமாக எழுதுங்கள்.