‘பட்டது’ போட்டுவிட்டால் செயப்பாட்டு வினை ஆகிவிடாது

ஒவ்வொரு தேர்விலும் தமிழ் இலக்கண விடைத்தாள் திருத்த உட்காரும்போது இது வந்து நிற்கிறது. இந்த முறை பொறுமை போய்விட்டது, எழுதியே தீர வேண்டும்.

வினா மிக எளிது. ‘ஆசிரியர் மாணவர்களை அழைத்தார்’ என்பதைச் செயப்பாட்டு வினைத் தொடராக மாற்ற வேண்டும். கட்டுக்கட்டாக வந்த விடைகளில் மூன்று வகைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘மாணவர்களை ஆசிரியரால் அழைக்கப்பட்டது’ என்பது முதல் வகை. ‘மாணவர்கள் ஆசிரியரால் அழைக்கப்பட்டார்’ இரண்டாவது. ‘ஆசிரியர் மாணவர்களை அழைப்பித்தார்’ மூன்றாவது. மூன்றும் தவறு, ஆனால் ஒரே தவறல்ல.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது பிறவினை. ஆசிரியர் தாம் அழைக்காமல் வேறொருவரை அழைக்கச் செய்தார் என்று பொருளே மாறிவிட்டது. செயப்பாட்டில் செய்தவர் மாறுவதில்லை, சொல்லும் கோணம்தான் மாறுகிறது.

முதல் வகைதான் என் கோபத்துக்குக் காரணம். கடைசியில் ‘பட்டது’ என்று போட்டாலே வாக்கியம் மாறிவிடும் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அது வினைமுற்றை மட்டும் தொடுகிற வேலை இல்லை. ‘மாணவர்களை’ என்ற செயப்படுபொருள் இப்போது எழுவாய் ஆகிறது. எழுவாய்க்கு ‘ஐ’ உருபு கிடையாது. எனவே ‘ஐ’ போக வேண்டும், ‘மாணவர்கள்’ என்று நிற்க வேண்டும். பழைய எழுவாயான ‘ஆசிரியர்’ ‘ஆல்’ உருபு ஏற்று ‘ஆசிரியரால்’ ஆகும். சிலர் ‘ஆசிரியர் மூலம்’ என்று எழுதுகிறார்கள். அப்போது அழைத்தது வேறு யாரோ, ஆசிரியர் வெறும் இடையாள் என்றாகிவிடும். கடைசியாக, வினைமுற்று புதிய எழுவாயைப் பார்த்து நிற்க வேண்டும். மாணவர்கள் பலர்பால், ஆகவே ‘அழைக்கப்பட்டனர்’. இரண்டாம் வகை விடை சறுக்கியது இங்கேதான்: எழுவாயை மாற்றிவிட்டு, வினையை மட்டும் பழைய ஆசிரியருக்கே விட்டுவைத்தது.

‘மாணவர்கள் ஆசிரியரால் அழைக்கப்பட்டனர்.’ அவ்வளவுதான். காலத்தைத் தொடாதீர்கள். ‘அழைக்கிறார்’ என்றிருந்தால் ‘அழைக்கப்படுகின்றனர்’, ‘அழைப்பார்’ என்றிருந்தால் ‘அழைக்கப்படுவர்’.

இதே நோய் பிழை திருத்தத்திலும் தலைகாட்டுகிறது. ‘சாலையோர மரங்களை வெட்டப்பட்டன’ என்று கொடுத்தால் பெரும்பாலானோர் ‘வெட்டப்பட்டது’ என்று மாற்றிவிட்டுத் திருத்திவிட்டதாக நினைக்கிறார்கள். ‘ஐ’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது! சரியான இடத்தில் இருந்த பன்மையைக் கெடுத்ததுதான் மிச்சம். இதற்கு இரண்டு வழி உண்டு. ‘சாலையோர மரங்கள் வெட்டப்பட்டன’ என்று உருபை நீக்கலாம், அல்லது ‘சாலையோர மரங்களை வெட்டினர்’ என்று வினையைச் செய்வினையாக்கலாம். இரண்டுக்கும் மதிப்பெண் தருவேன். முதல் வழி மேல், ஏனென்றால் வெட்டியவர் யார் என்று வினாவில் இல்லை. செய்தித்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் இந்தப் பிழையைத் தினமும் பார்த்துப் பழகியதால்தான் பிள்ளைகளுக்கு இது காதில் உறுத்துவதே இல்லை. எழுதியதும் ஒரு சோதனை செய்துபாருங்கள்: ‘பட்ட’ வரும் வாக்கியத்தில் ‘எவை வெட்டப்பட்டன?’ என்று கேட்டு, விடையாக வரும் சொல்லில் ‘ஐ’ ஒட்டிக்கொண்டிருந்தால் பேனாவை எடுங்கள்.

இன்னொன்று. ‘ஐ’யை எடுக்கும்போது அதன்பின் வந்த ஒற்றையும் எடுக்க வேண்டும். ‘கவிஞர் கவிதையைப் பாடினார்’ என்பதில் ‘ப்’ வந்ததே ‘ஐ’ உருபால்தான். ‘கவிதை கவிஞரால் பாடப்பட்டது’ என்று எழுதும்போது ‘கவிதைக்’ என்று ஒற்றுப் போட வேண்டாம். எழுவாய்க்குப் பின் வல்லினம் மிகாது. ‘பாடப்பட்டது’ என்பதில் நடுவில் வரும் ‘ப்’ மட்டும் கட்டாயம், அதை விடாதீர்கள்.

திருத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘படு’ மட்டுமே செயப்பாட்டுத் துணைவினை இல்லை. ‘ஓவியம் அவரால் வரையப்பெற்றது’ என்று ஒரு மாணவி எழுதினால் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். ‘பெறு’, ‘உண்’ ஆகியவையும் அந்த வேலையைச் செய்யும். ‘கொலையுண்டான்’ என்பதை நாமே வகுப்பில் சொல்லித்தருகிறோம்.

வினாத்தாள் அமைப்பவர்களே, ‘பறவை பறந்தது’ என்பதைக் கொடுத்துச் செயப்பாட்டாக மாற்றச் சொல்லாதீர்கள். செயப்படுபொருள் குன்றிய வினை அது, எழுவாயாக ஏற்ற அங்கே எதுவுமே இல்லை. ‘பறவையால் பறக்கப்பட்டது’ என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும் முன், வினாவைத் திருத்துங்கள்.