புதிதாகச் சேர்த்த கணக்குக்கு உடனே பணம் போகாதது ஏன்?

நெட் பேங்கிங்கில் முதல்முறை நுழையும்போது வங்கி தந்த தற்காலிகப் பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொல்வார்கள். பல வங்கிகளில் பணம் அனுப்புவதற்கென்று இன்னொரு பாஸ்வேர்டும் வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். குறுஞ்செய்தியில் வந்த லிங்க் வழியாகப் போகாமல், வங்கியின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

அடுத்தது, பணம் பெறுபவரைச் சேர்ப்பது. கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்பார்கள். வேறு வங்கிக்குப் பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் பணம் வரவு வைக்கப்படுகிறது. நீங்கள் எழுதும் பெயரைப் பார்த்து அல்ல. ஒரு இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அவருக்குப் போய்விடும். அதனால், கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று திரையில் காட்டும் வசதியைத் தரும்படி 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு உறுதிசெய்யுங்கள். வங்கிக் கிளையைக் குறிக்கும் IFSC குறியீடும் கேட்பார்கள், அது 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், O அல்ல.

ஓடிபி போட்டாயிற்று, சேர்ந்தும் விட்டது. ஆனால் பணம் போகவில்லை, அல்லது சிறு தொகைதான் போகிறது. இந்தக் காத்திருப்பு சில வங்கிகளில் அரை மணி நேரம், சிலவற்றில் ஒரு நாள். வீட்டு அட்வான்ஸ் 80,000 ரூபாயை சனிக்கிழமை காலை தர வேண்டும், உங்கள் வங்கியோ முதல் 24 மணி நேரத்துக்கு 50,000 தான் விடும் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி இரவு சேர்த்தால் முழுத் தொகையும் காலையில் போகாது. வியாழக்கிழமையே சேர்த்து, ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுக்கொள்வதுதான் சரி.

இந்தத் தடை திருடனை மனதில் வைத்துப் போட்டது. உங்கள் பாஸ்வேர்டும் ஓடிபியும் ஒருவன் கையில் கிடைத்தால், முதல் வேலையாகத் தன் ஆள் கணக்கைச் சேர்ப்பான். அந்த நொடியே உங்கள் போனுக்கு 'புதிய பயனாளி சேர்க்கப்பட்டார்' என்று தகவல் வரும். அதற்குப் பிறகு அவன் காத்திருக்கும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். நீங்கள் சேர்க்காத பெயர் என்றால், கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குப் பேசி நெட் பேங்கிங்கையே முடக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரை மட்டும் நீக்கினால் அவன் மறுபடி சேர்ப்பான். பணம் போய்விட்டிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் உடனே பேசுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவுப்படி, நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் பேசியதும் புகார் எண்ணை வாங்கி, நேரத்தோடு குறித்து வையுங்கள்.