முன்னுயிரி என்றொரு உயிரி கிடையாது

ஊட்டச்சத்துக் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தில் இப்படி ஒரு வரி: "இனுலின் போன்ற முன்னுயிரிகள் பெருங்குடலில் பல்கிப் பெருகுகின்றன." இனுலின் எங்கே பல்குவது? அது ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த ஒரு கார்போஹைட்ரேட். சிக்கரி வேரிலும் வெங்காயத்திலும் இருக்கிறது. அதற்கு உயிர் இல்லை. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகும் பொருளான ப்ரீபயாடிக்கைத் தமிழில் 'முன்னுயிரி' ஆக்கியதால் வந்த வினை இது.

சொல் பிறந்த கதை சுருக்கமானது. 'பயாஸ்' என்றால் கிரேக்கத்தில் உயிர், வாழ்வு. 'புரோ' ஆதரவாக, 'ப்ரீ' முன்னால். நலம் தரும் நுண்ணுயிரைக் குறிக்கும் புரோபயாடிக் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற ஆய்வாளர்கள் முன்னொட்டை மட்டும் மாற்றி ப்ரீபயாடிக் என்றார்கள்.

'முன்' போட்டோம், 'உயிரி' போட்டோம், கணக்கு சரிதானே என்பார்கள். சரியில்லை. தமிழில் 'உயிரி' என்று முடிந்தால் வாசகர் உயிருள்ள ஒன்றைத்தான் நினைப்பார். நுண்ணுயிரி, ஒருசெல் உயிரி எல்லாம் அப்படித்தான். மேலே சொன்ன மொழிபெயர்ப்பாளரும் அதை நம்பித்தான் இனுலினைப் பெருக வைத்துவிட்டார். போதாததற்கு, பூமியில் உயிர் தோன்றுவதற்கு முந்தைய வேதியியலையும் ஆங்கிலத்தில் இதே ப்ரீபயாடிக் என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள். 'முன்' அங்கேதான் பொருந்தும்.

முன்னொட்டை விட்டுவிட்டு, அந்தப் பொருள் குடலில் செய்யும் வேலையைப் பாருங்கள். இனுலினின் பிணைப்புகளை அறுக்க நம் குடலில் நொதி இல்லை. அதனால் அது செரிக்காமல் பெருங்குடல்வரை போகிறது. அங்கே வாழும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல நுண்ணுயிர்களிடம் அந்த நொதி உண்டு. அவை அதைத் தின்று பெருக, நொதித்தலில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உருவாகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட் குடல்சுவர் செல்களுக்கு எரிபொருள். வாயுவும் உண்டாகும், எடுத்த எடுப்பில் அதிகம் சாப்பிட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். ஆக, ப்ரீபயாடிக் என்பது நுண்ணுயிருக்குத் தீனி. 'நுண்ணுயிர் ஊட்டம்' என்றால் போதும். புரோபயாடிக்தான் உயிரோடு, போதிய அளவில் உட்கொண்டால் நலம் தரும் நுண்ணுயிர். அதை 'நலநுண்ணுயிரி' எனலாம். ஆன்டிபயாடிக்கைக் குறிக்கும் 'நுண்ணுயிர் எதிர்ப்பி' பக்கத்தில் இரண்டையும் வைத்தால் எது உயிர், எது பொருள் என்ற குழப்பம் வராது.

அப்புறம் இந்த நார்ச்சத்து. "கரையும் நார், அதாவது முன்னுயிரி" என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். நீரில் கரைவது வேறு, நுண்ணுயிர் நொதிக்கவைப்பது வேறு. நொதித்தாலும் போதாது; குறிப்பிட்ட நல்ல நுண்ணுயிர்கள் அதைத் தேர்ந்து பயன்படுத்தி, அதனால் உடலுக்கு நன்மை வந்தால்தான் அது நுண்ணுயிர் ஊட்டம். கரையாத செல்லுலோஸை விடுங்கள், இசப்கோல் உமியைப் பாருங்கள். தண்ணீரில் போட்டதும் கூழாகிறது, ஆனால் குடலில் பெரும்பாலும் நொதிப்பதில்லை. கடைசிவரை நீரைப் பிடித்து வைத்திருப்பதால்தான் மலம் இளகுகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்திருந்தால் மலச்சிக்கலுக்கு அது அவ்வளவாக உதவியிருக்காது.