பெட்டியில் போட்டிருக்கும் 30 நிமிடம்

"அண்ணா, பேட்டரி 25 சதவீதம் இருக்கும்போதே டிரோனைத் திருப்பிட்டேன். அப்புறமும் எப்படிக் கீழே இறங்குச்சு?" இந்த மாதம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது போன் இது. மூன்று பேரும் ஊர் ஆவணப்படம் எடுப்பவர்கள். இந்தத் தம்பியின் டிரோன் ஒரு தகரக் கூரைமேல் இறங்கியிருக்கிறது. கீழே தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எல்லோரும் நம்புவது பெட்டியில் அச்சடித்திருக்கும் 30 நிமிடத்தை. அது காற்றே இல்லாத இடத்தில், பேட்டரி காலியாகும்வரை பறக்கவிட்டு அளந்த கணக்கு. வெளியே நிஜக் காற்றில், ஏறி இறங்கி நின்று திரும்பினால் 24 நிமிடம் கிடைப்பதே பெரிது. அதில் 30 சதவீதத்தைத் திரும்பி வரவும் இறங்கவும் ஒதுக்குங்கள். ஏறுவது, சரிபார்ப்பது என்று இரண்டு நிமிடம் போகும். மிஞ்சுவது 15 நிமிடம். ஒரு ஷாட்டுக்கு இடம் போய்ச் சேர்ந்து, சட்டகம் பிடித்து, இரண்டு டேக் எடுக்க மூன்று, நான்கு நிமிடம். ஆக, ஒரு பேட்டரிக்கு நாலு ஷாட். ஐந்தாவதை இயக்குநர் கேட்டால், அடுத்த பேட்டரியைக் காட்டுங்கள்.

சரி, தம்பியின் கதைக்கு வருவோம். ஊர் நடுவே ஒரு மாடியிலிருந்து ஏற்றியிருக்கிறார். ஏரி 800 மீட்டர் தள்ளி. காற்று ஏரியை நோக்கி, நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. போகும்போது டிரோன் நொடிக்கு 10 மீட்டர் போனது, 80 நொடியில் சேர்ந்துவிட்டது. "போக 80 நொடி, வரவும் 80 நொடி" என்பது அவர் கணக்கு. ஆனால் அவர் டிரோன் சாதாரண மோடில், காற்றே இல்லாவிட்டாலும், நொடிக்கு 12 மீட்டருக்கு மேல் போகாது. அதில் 8 மீட்டரைக் காற்று தின்றுவிட்டால் மிச்சம் 4. அதே 800 மீட்டருக்கு 200 நொடி. அதுவும் முழுசாகச் சாய்ந்து, மோட்டார்கள் முக்கி முனகி வரும். சாதாரணமாக 14 நொடிக்கு ஒரு சதவீதம் குறையும் பேட்டரி, அப்போது ஒன்றரை மடங்கு வேகமாக இறங்கும். திரும்பி வர மட்டும் ஏறத்தாழ 21 சதவீதம் வேண்டும். கையில் இருந்தது 25. அவருடைய டிரோன் 10 சதவீதத்தில் தானாகவே தரையிறங்கத் தொடங்கும். அங்கேதான் அந்தக் கூரை.

இது முன்கூட்டியே திரையில் தெரியும். ரிமோட் குச்சியை முழுக்கத் தள்ளியும் வேக எண் 4, 5 என்று நின்றால், எதிர்க்காற்றில் மாட்டியிருக்கிறீர்கள். அப்போது கட்டடம், கம்பி எதுவும் இல்லாத பக்கமாக உயரத்தைக் குறையுங்கள். கீழே காற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் இருக்கும். 'வீடு திரும்பு' பொத்தானை அழுத்திவிட்டுக் கைகட்டி நிற்பவர்களுக்கு ஒரு விஷயம்: அது முதலில் நீங்கள் வைத்திருக்கும் உயரத்துக்கு ஏறும், அங்கே காற்று இன்னும் பலம். அதற்காக அந்த உயரத்தைக் குறைத்து வைத்தால் வழியில் இருக்கும் செல்போன் கோபுரத்தில் மோதும். ஊரிலேயே உயரமான கோபுரத்தைவிட 20 மீட்டர் கூட வையுங்கள், எதிர்க்காற்றில் திரும்ப வேண்டுமென்றால் பேட்டரி பாதி இருக்கும்போதே தொடங்குங்கள். ஸ்போர்ட் மோடில் வேகம் கிடைக்கும். ஆனால் பல டிரோன்களில் தடையை உணரும் சென்சார் அதில் வேலை செய்யாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 800 மீட்டரில் சின்ன டிரோன் கண்ணுக்கே தெரியாது. கண்பார்வைக்குள்தான் பறக்கவிட வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் சட்டம். உயர வரம்பும் பொதுவாக 120 மீட்டர், கீழே இருக்கும் தரையிலிருந்து. மலைச்சரிவு ஊரில் பள்ளத்துப் பக்கம் போனால் நீங்கள் அறியாமலே அதைத் தாண்டிவிடுவீர்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் வேண்டவே வேண்டாம். சந்தை ஷாட்டை ஓரத்திலிருந்து சாய்வாக எடுத்தால் கூட்டம் இன்னும் அடர்த்தியாகவே தெரியும். அனுமதி, பதிவு எல்லாம் முடித்து, விமான நிலையத் தடைப்பகுதியை அந்தந்த ஊர் வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திட்டத்தை ஷாட் வரிசையில் போடாமல், ஏற்றும் இடங்களின் வரிசையில் போடுங்கள். ஏரிக்கு ஏரிக்கரையிலிருந்து, கோயில் கோபுரத்துக்கு அதன் பக்கத்து மைதானத்திலிருந்து. டிரோனைத் தூரம் அனுப்பாதீர்கள், நீங்கள் நடந்து போங்கள். எந்த இடத்திலும் முதலில் காற்றுக்கு எதிராகப் போய், காற்றோடு திரும்புங்கள். கூட ஒரு ஆளை வானத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டார். விழுந்த டிரோனின் பேட்டரி லேசாக உப்பியிருக்கிறதாம், சார்ஜ் போடலாமா என்று கேட்கிறார். போடக் கூடாது.