யூரியேஸ்: கிருமி பூசிக்கொள்ளும் காரம்

பாளையங்கோட்டைக்குப் போய் எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு வருகிறவரின் அறிக்கையில், கடைசி வரியாக 'ஆர்.யு.டி. பாசிட்டிவ்' என்று இருக்கும். ரேபிட் யூரியேஸ் டெஸ்ட் என்பதன் சுருக்கம் அது; புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி வயிற்றில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அதற்கு மேலே எழுதியிருக்கும் 'அல்சர்' எல்லாருக்கும் தெரிந்த சொல். நடுவில் நிற்கும் 'யூரியேஸ்'தான் வாசிப்பவரைத் தடுக்கும். உரக்கடை யூரியாவுக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு, அதே யூரியாதான். சிறுநீரைக் குறிக்கும் 'ஊரோன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து யூரியா வந்தது. 'ஏஸ்' என்பது நொதிகளின் பெயருக்கு ஒட்டும் வால். 1833இல் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து பிரித்த பொருளுக்கு 'டயஸ்டேஸ்' என்று பெயரிட்டார்கள். அதன் வாலையே பிற நொதிகளுக்கும் பின்னாளில் ஒட்டிவிட்டார்கள். ஆகவே யூரியேஸ் என்றால் யூரியாவை உடைக்கும் நொதி. யூரியாவில் இருக்கும் நொதி என்று பொருள் கொள்வது தவறு. 'நொதி' நல்ல சொல். கள் நொதிக்கிறது என்கிறோமே, அந்த வினையிலிருந்து பிறந்தது. 'என்சைம்' என்பதன் கிரேக்க வேரும் மாவைப் புளிக்க வைக்கும் பொருளைத்தான் சுட்டுகிறது.

இந்த நொதி அந்தக் கிருமிக்கு மட்டும் உரியதன்று. வயலில் மேலாகத் தூவிய யூரியா மூக்கைத் துளைக்கும் அமோனியாவாகப் பறந்துபோவதும், கழுவாத தொழுவத்தில் கண் எரிவதும் மண்ணிலும் சாணத்திலும் உள்ள யூரியேஸின் வேலை. 1926இல் ஜேம்ஸ் சம்னர் இதைப் படிகமாகப் பிரித்தது ஒரு பயற்றிலிருந்து. நம் வாளவரைக்கு நெருங்கிய இனம் அது. வினை இதுதான்:

CO(NH2)2 + H2O → 2NH3 + CO2

பிறக்கும் அமோனியா, அமிலத்தின் H+ ஒன்றைப் பிடித்து NH4+ ஆகிவிடும். பிடித்த அளவுக்கு அமிலம் தணியும்.

இனி கிருமிக்கு வருவோம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயரில் 'ஹெலிக்ஸ்' சுருள், 'பாக்டர்' கோல், 'பைலோரஸ்' வாயில்காப்போன். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் வாசலருகே குடியிருக்கும் திருகுக்கோல் என்று விரிக்கலாம். பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இதை வளர்த்தெடுத்தார்கள். 1989இல்தான் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் கேம்பைலோபாக்டர் குடும்பத்தில் வைத்திருந்தார்கள்.

அமிலத்திலேயே வாழ்வதால் இது அமிலத்தை விரும்பும் கிருமி என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. வெறும் வயிற்றின் சாறு pH 1 முதல் 2 வரை இருக்கும். யூரியா கிடைக்காவிட்டால் அந்தச் சாற்றில் இதுவும் செத்துப்போகும். இன்னொரு தவறு, வயிற்று அமிலம் முழுவதையும் இது முறித்துவிடுகிறது என்பது. தன்னைச் சுற்றிய நூலிழை அளவு இடத்தை மட்டும்தான் அது மாற்றுகிறது.

பதநீர் இறக்குபவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதை நினைத்துப் பாருங்கள். காரம் படிந்த கலயத்தில் பதநீர் புளிக்காது. கிருமியும் தன் மேலுறைக்கும் உள்ளுறைக்கும் நடுவே உள்ள சந்தில் அமோனியாவைப் பூசி, அங்கே pH ஏறத்தாழ 6 இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை, இரத்தத்தில் உள்ள யூரியா சிறிதளவு இரைப்பைக்குள் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆனால் சுண்ணாம்பு அதிகமானால் பதநீரின் சுவை கெட்டுவிடுமல்லவா? கிருமிக்கும் அதே சிக்கல். அமிலமில்லாத இடத்தில் யூரியேஸ் ஓயாமல் ஓடினால் காரம் மிஞ்சி அது தானே இறந்துவிடும். அதனால் உள்ளுறையில் யூரியாவுக்கென்றே ஒரு மதகு வைத்திருக்கிறது. 'யூர்-ஐ' என்ற புரதம் அது. வெளியே pH 5 அளவுக்கு இறங்கினால் மதகு முழுதாகத் திறக்கும். 7க்கு ஏறினால் மூடிக்கொள்ளும். நொதி உள்ளே எப்போதும் தயாராக இருக்கிறது, தண்ணீர் பாய்ச்சுவதுபோல யூரியாவை விடுவதும் நிறுத்துவதும்தான் கட்டுப்பாடு.

இரைப்பையின் உட்சுவரைப் போர்த்திய சளிப்படலம் அமிலத்தில் நுங்குபோல் இறுகி நிற்கும். அமோனியா பட்ட இடத்தில் அது இளகும். இளகிய வழியே திருகிக்கொண்டு நீந்தி, அமிலம் எட்டாத சுவரோரம் போய்ச் சேர்ந்துவிடும்.

அங்கே போனபின்தான் புண்ணின் கதை. கிருமி வாசற்பகுதியில் அழற்சி உண்டாக்கும்போது, அமிலச் சுரப்பை அடக்கும் செல்கள் நலிகின்றன. கடிவாளம் தளர்ந்ததும், அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடி அமிலம் அதிகமாகச் சுரக்கிறது. அது வழிந்து சிறுகுடலின் முதற்பகுதியைத் தாக்க, அங்குள்ள சுவரும் இரைப்பைச் சுவர்போல உருமாறி, கிருமிக்குப் புது வீடாகிறது. அமோனியாவும் கிருமியின் நச்சுப் புரதங்களும் சேர்ந்து செல்களை அரிக்கின்றன. கிருமி உள்ள எல்லாருக்கும் புண் வருவதில்லை, பெரும்பாலோருக்கு வராது. மூட்டுவலி மாத்திரைகள் தனியாகவே புண் உண்டாக்கும்.

'காரம் தின்னா அல்சர் வரும்' என்பது நம்மூர் வழக்கு. வேதியியல் நூல்களில் காரம் அமிலத்துக்கு எதிர். அடுக்களையில் காரம் மிளகாய். மிளகாய்க் காரம் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணுக்குக் காரணமன்று. கிருமியைக் காப்பாற்றும் காரம் மற்றது.

பரிசோதனைக்கு வருவோம். முக்கூடலில் பீடி சுற்றும் ஐம்பது வயது அம்மா ஒருவர், மூன்று மாதமாக எதுக்களிப்பு, நடுநெஞ்சு எரிச்சல் என்று தினமும் பான்டோபிரசோல் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று கொள்வோம். மாத்திரையை நிறுத்தாமலே எண்டோஸ்கோப்பிக்குப் போகிறார். சிறுகுடல் வாயில் புண். இரைப்பையின் வாசற்பகுதியிலிருந்து கிள்ளிய சிறு சதைத்துணுக்கை யூரியாவும் பீனால் ரெட் சாயமும் கலந்த மஞ்சள் கூழில் வைக்கிறார்கள். கிருமி இருந்தால் யூரியேஸ் அமோனியாவை விட, கூழ் இளஞ்சிவப்பாகும். மாறவில்லை, நெகட்டிவ். மாத்திரை அமிலத்தைக் குறைத்ததால் அவர் வயிற்றில் கிருமி எண்ணிக்கை குறைந்து, மேற்பகுதிக்கு ஒதுங்கியிருக்கலாம். எனவே இந்த நெகட்டிவை நம்ப முடியாது. அமிலம் குறைக்கும் இந்த வகை மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் மருத்துவர் சொல்படி நிறுத்திவிட்டு, வாசற்பகுதி, மேற்பகுதி இரண்டிலிருந்தும் துணுக்கெடுத்துச் சோதிப்பதே முறை. புண்ணில் இரத்தம் கசிந்தாலும் பொய் நெகட்டிவ் வரலாம். 24 மணி நேரம் கழித்துச் சிவந்த கூழையும் கணக்கில் எடுக்கக்கூடாது; வேறு கிருமிகளின் யூரியேஸும் சிவப்பாக்கிவிடும். மலம் தார்போல் கறுத்தால் எதையும் நிறுத்திக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'சிறுநீர் நொதி' வேண்டாம், பொருள் திரிகிறது. 'யூரியாப் பிளப்பு நொதி' வேலையை அப்படியே காட்டுகிறது. கட்டுரையில் முதல்முறை அப்படி எழுதி, பிறகு யூரியேஸ் என்றே தொடரலாம். 'அல்சர்' என்பதற்குக் 'குடற்புண்' என்று எல்லா இடத்திலும் எழுதுவதும் சரியன்று. இரைப்பையில் இருந்தால் இரைப்பைப் புண், சிறுகுடல் வாயில் இருந்தால் குடற்புண், இரண்டும் சேர்த்துச் சொல்ல வயிற்றுப் புண். மருத்துவ அறிக்கையை மொழிபெயர்ப்பவர்கள் இந்தப் பிரிவைத் தவறவிடக் கூடாது. இரைப்பைப் புண் என்றால் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யத் துணுக்கெடுத்துப் பார்ப்பார்கள், ஆறியதா என்று திரும்பவும் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்வதும் உண்டு. குடற்புண்ணில் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை.