ஓடியோகிராம் காட்டாத குறை

வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்கப் பேருந்தில் ஒன்பது ஆண்டுகளாகச் சென்றுவரும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் எல்லாம் நன்றாகக் கேட்கிறது. ஆனால் கடையில் நாலுபேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் சொல்வதும் பிடிபடுவதில்லை. ஓடியோகிராம் என்ற செவிப் பரிசோதனை செய்தபோது குறையொன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். இது வாகன இரைச்சலின் விளைவா, தம் கற்பனையா என்பது அவரது கேள்வி.

செவிப்பறையின் அதிர்வு சிற்றெலும்புகள் வழியாக நத்தையுருவான உட்செவியை அடைந்து, அங்குள்ள மயிர்க்கலங்களை அசைக்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். கதை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. மூளைக்குச் செய்தி அனுப்பும் உள் மயிர்க்கலங்கள் ஒரு செவியில் ஏறத்தாழ 3,500 மட்டுமே. அவை ஒவ்வொன்றிலும் பத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் வந்து ஒட்டியிருக்கின்றன. ஒரே கலத்துக்கு ஏன் இத்தனை இழைகள்?

மழையை அளக்க ஒரு சிறு கிண்ணத்தையும் ஒரு பெரிய பீப்பாயையும் முற்றத்தில் வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தூறலைக் கிண்ணம் துல்லியமாகக் காட்டும். ஆனால் அடைமழையில் அது நிரம்பி வழிந்துவிடும், அதன்பின் மழை கூடுவதையோ குறைவதையோ அதனால் சொல்ல முடியாது. நரம்பிழைகளிலும் இவ்விரு வகை உண்டு. ஒரு வகை மெல்லிய ஒலிக்கே துடித்து, இரைச்சலில் தன் உச்சத்தை எட்டிவிடுகிறது. மற்றது அமைதியில் வாளாவிருந்து, ஒலி உரத்த பிறகே வேலையைத் தொடங்குகிறது. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுக்க மூளைக்குப் பெரிதும் உதவுவது இந்தப் பீப்பாய் வகைதான்.

2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 100 டெசிபல் ஒலியில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். சில வாரங்களில் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, மயிர்க்கலங்களும் அழியவில்லை. ஆனால் உயர் சுருதிகளுக்குரிய பகுதியில் நரம்பிழைகள் கலத்தோடு சேரும் இணைப்புகளில் பாதியளவு போயிருந்தன. உரத்த ஒலியில் மயிர்க்கலம் நரம்புக்குச் செய்தி கடத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை அளவுமீறிக் கொட்டுவதால் நரம்பு முனை வீங்கிக் கழன்றுவிடுகிறது. முதலில் கழல்பவை பெரும்பாலும் பீப்பாய் வகை இழைகள் என்று பின்னர் விலங்குகளில் தெரியவந்தது. ஓடியோகிராம் எடுப்பதோ ஒலிபுகா அறையில், கேட்கும் மிக மெல்லிய ஒலியைக் கண்டுபிடிப்பதற்காக; அதாவது தூறலில் மட்டும். பீப்பாய் காணாமற்போனதை அது எப்படிக் காட்டும்?

மனிதரில் இதே அளவு சேதம் நேர்கிறதா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. உயிருள்ளவரின் உட்செவியில் இணைப்புகளை எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. விலையுயர்ந்த கருவிகளை இறக்குவதற்கு முன், இரைச்சலில் பேச்சைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒழுங்காகத் தயாரித்து, முதலில் பேருந்துச் சாரதிகளிடம் நடத்துவதற்குப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து. காதில் நல்லெண்ணெய் விடச் சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும், கழன்ற இணைப்போ எலும்புக்குள் இருக்கிறது.

இனி வாசகரின் ஒரு நாளைக் கணக்கிடுவோம். 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பதும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பதும் தொழிலிடங்களில் பரவலாகக் கையாளப்படும் விதி. பேருந்துக்குள் சராசரி 82 டெசிபல் என்று வைத்தால் பதினாறு மணி நேரம் தாங்கலாம்; போக வர அவர் இருப்பது ஒன்றரை மணி நேரம், ஆக நாளின் அளவில் 9 சதவீதம். யன்னலோரத்தில் பக்கத்து வாகனத்தின் ஹோர்ன் செவியருகே 106 டெசிபலில் இரண்டு விநாடி ஒலிப்பதாகக் கொண்டால், அந்த அளவுக்கு ஒரு நாளில் அனுமதி 225 விநாடிதான். இருபது ஹோர்ன்களே 18 சதவீதம் ஆகிவிடுகின்றன. ஒன்றரை மணி நேர இயந்திர இரைச்சலைவிட நாற்பது விநாடி ஹோர்ன் இரு மடங்கு கனமானது.

இரண்டும் சேர்ந்தும் 27 சதவீதம்தான். ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் அவர் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருந்தார்: வழி நெடுக இயர்போனில் பாட்டுக் கேட்பாராம். இரைச்சலுக்கு மேல் பாட்டுத் தெளிவாகக் கேட்க 12 டெசிபல் கூட்டினால் 94 ஆகிறது. அதற்கு அனுமதி ஒரு மணி நேரம், அவர் கேட்பது ஒன்றரை. அது மட்டுமே 150 சதவீதம். அத்துடன் இந்த விதி ஓடியோகிராமில் தெரியும் சேதத்தை வைத்து வகுக்கப்பட்டது. கழன்ற இணைப்புகள் அதன் கணக்கில் இல்லை.

மோட்டார் சைக்கிளில் செல்வோருக்குக் கணக்கு சற்று மாறும். காலி வீதியின் நெரிசலில் ஊரும்போது ஹோர்னே முதன்மை; ஓரளவு வேகமெடுத்ததும் ஹெல்மெட்டின் கீழ் விளிம்பில் சுழலும் காற்று இயந்திரத்தையும் மிஞ்சி இரைகிறது. இறங்கிய பின் செவி அடைத்ததுபோலவோ ‘கிண்’ என்றோ இருந்தால் அன்றைய அளவு மீறிவிட்டது என்று பொருள். மறுநாள் காலையில் அது தெளிந்துவிடும். சுண்டெலிகளுக்கும் தெளிந்துதான் இருந்தது.