மொட்டைமாடிக் கத்தரிக்கு ஓர் ஆண்டு: ஆனி முதல் சித்திரை வரை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது. வயலில் வேர் கீழே போகும். மேல்மண் காய்ந்தாலும் அடியில் ஈரம் இருக்கும், பெருமழை பெய்தால் நீர் வரப்பு தாண்டி ஓடிவிடும். பையில் வளரும் செடிக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. ஆகவே சென்னை மாதிரியான ஊரில் மாடித்தோட்டம் போடுகிறவர் ஆடியைப் பார்த்தால் மட்டும் போதாது. ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் முன்கூட்டியே மனதில் வைத்துத்தான் ஆடியில் விதை போட வேண்டும். ஒரே ஒரு கத்தரிச் செடியை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுக்கப் பின்தொடர்ந்தால் இந்தக் கணக்கு எளிதாகப் புரியும்.

வேலை ஆனி மாதத்தில் மண்ணிலிருந்து தொடங்குகிறது. கத்தரிக்கு 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள பை வேண்டும். 12 அங்குலப் பையிலும் காய்க்கும். ஆனால் வெயில் காலத்தில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேருங்கள். கோகோபீட் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், அது இளநாற்றின் வேரைக் கருக்கும். கலவையை லேசான ஈரத்தில் பத்து நாள் ஆறவிடுங்கள். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும். இந்தப் பத்து நாள் காத்திருக்க மனமில்லாமல் நட்டுவிட்டு, நாற்று சரியில்லை என்று நர்சரிக்காரரைத் திட்டுபவர்கள் நிறைய.

ஆடி முதல் வாரத்தில் குழித்தட்டில் விதை போட்டால், நான்கைந்து வாரத்தில் நாலைந்து இலையோடு நாற்று தயாராகும். ஆவணி முதல் பாதியில், மாலையில், பைக்கு ஒரு நாற்று நடுங்கள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்று இரண்டு வைத்தால் இரண்டுமே நோஞ்சானாகத்தான் நிற்கும்.

தண்ணீருக்கு நேரம் காலை ஏழு மணிக்குள். எவ்வளவு என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். வளர்ந்த செடி புரட்டாசி வெயிலில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. கோகோபீட் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே வாங்காது. ஊற்றியது பையின் ஓரமாக இறங்கி உடனே அடியில் வழியும். நாமும் நிறைந்துவிட்டது என்று நிறுத்திவிடுவோம். வேர்ப்பகுதி காய்ந்தே கிடக்கும். அப்படி வழிந்தால் ஒரு குவளை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள்.

இலை வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுவதும் தவறு. மத்தியானம் வாடி மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் களைப்பு. விடிகாலையிலேயே வாடியிருந்து மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் செடியைக் கொல்லும். மாடியில் தாகத்தில் செத்த செடியைவிட மூழ்கிச் செத்தது அதிகம்.

நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து உணவு தொடங்கும். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் கிளறி, அதோடு பத்து லிட்டர் நீர் சேருங்கள். செடிக்கு அரை லிட்டர், 15 நாளுக்கு ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை நனைத்துவிட்டுத்தான் இதை ஊற்ற வேண்டும். இதில் தழைச்சத்துதான் அதிகம். வாராவாரம் ஊற்றினால் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கும், பூ வராது, தளிரில் அசுவினி அப்பிக்கொள்ளும். பூ எடுத்த பிறகு இதைக் குறைத்து, மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி மரச்சாம்பலும் மேல்மண்ணில் கிளறிவிடுங்கள். ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மட்டும் சாம்பல் வேண்டாம்.

புரட்டாசிக் கடைசியில் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதுதான் தொல்லையும் வரும். கொழுந்து மட்டும் தனியாகத் தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. தொங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி, மாடியிலேயே போட்டுவிடாமல் நசுக்கி அழியுங்கள். எந்தத் தெளிப்பும் தண்டுக்குள் இருக்கும் புழுவைத் தொடாது.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும். அதற்கு முன் செய்ய வேண்டியவை: பைகளைச் செங்கல் மேல் ஏற்றுவது, அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுவது, வடிகால் துளையைக் குச்சியால் குத்திப் பார்ப்பது. தட்டில் தேங்கும் நீரில் வேர் அழுகும், டெங்கு கொசுவும் முட்டையிடும். மழை நாட்களில் உரம் எதுவும் வேண்டாம், துளை வழியே அத்தனையும் ஓடிவிடும். நான்கைந்து நாள் தொடர்மழைக்குப் பின் அடியிலைகள் வெளுப்பது நோயல்ல, சத்து கரைந்து போனதுதான். மழை விட்டு மேல்மண் ஆறியதும் மண்புழு உரம் இடுங்கள். மழையால் ஒரு நன்மையும் உண்டு. ஆழ்குழாய் நீரால் பையின் விளிம்பில் படியும் வெள்ளை உப்பை அது கழுவிவிடும்.

தக்காளி நாற்றை இந்த மழைக்குள் தள்ளிவிடாதீர்கள். புரட்டாசிக் கடைசியில் விதைத்து, கூரைக்கடியில் நாற்றாக வைத்திருந்து, கார்த்திகையில் நட்டால் தை, மாசியில் காய்க்கும். இரவிலும் புழுங்கும் மாதங்களில் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். கோடையில் பூக்கிறது, காய்க்கவில்லை என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம். உரம் போட்டுத் தீர்க்க முடியாது. பழைய கொடி அவரையின் கதை வேறு. பகல் குறுகினால்தான் அது பூக்கும். ஆடியில் விதைத்தால் மார்கழியில் காய்க்கும், தையில் விதைத்தால் கொடி மட்டும் ஓடும்.

தை முதல்

நம் கத்தரி தையில் களைத்திருக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்து, இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டால் மாசிக் கடைசியில் மறுபடி பூக்கும். காலியான பைகளில் தையில் வெண்டை, கொத்தவரை, கீரை போடலாம்.

பங்குனியிலிருந்து தண்ணீர் காலை, மாலை இரு வேளை. குழாயில் முதலில் வரும் நீர் கொதிக்கும், அதை வாளியில் பிடித்துவிட்டுக் குளிர்ந்த பிறகு ஊற்றுங்கள். மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்கும், மேலே 50 சதவீத நிழல்வலையும் வேண்டும். இலையடியில் மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சில துளி சோப்புக் கரைசல். மாலையில் மட்டும் தெளியுங்கள், வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

சித்திரைக் கடைசியில் செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். முண்டும் முடிச்சுமாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் உடனே கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஆகாது. மண்ணை நனைத்து நான்கு அங்குலத் தடிமனுக்குப் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி, அக்னி நட்சத்திரம் முடிந்தும் இரண்டு வாரம் வரை மாடியிலேயே காயவிடுங்கள். பிறகு அந்தப் பையில் அடுத்த பருவத்துக்குச் செண்டுமல்லி.